புரோகிராமைத் தொடாமல் பவுச் அளவை மாற்றுவது: பேக்கிங் லைனில் ரெசிபி எப்படி வேலை செய்கிறது

மிளகாய்த்தூளை 200 கிராம் பவுச்சில் அடைக்கும் ஒரு செங்குத்து பேக்கிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். மேலே ஃபிலிம் ரோல். ஃபிலிம் காலரில் ஏறி ஃபார்மிங் டியூபைச் சுற்றிக் குழாயாக மடிகிறது. நின்ற சீல் அதன் முதுகை ஒட்டுகிறது, படுத்த சீல் அடியை ஒட்டுகிறது. டியூபுக்குள் இருக்கும் ஆகர் திருகு இத்தனை சுற்று என்று சுழன்று தூளைக் கீழே தள்ளுகிறது. பிறகு ஃபிலிம் ஒரு பவுச் நீளத்துக்கு இழுபடுகிறது, படுத்த சீல் போடும் சூடான தாடையான ஜா மூடுகிறது, கத்தி வெட்டுகிறது. பவுச் 200 கிராமாக இருந்தாலும் 500 கிராமாக இருந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை. மாறுவது எண்கள் மட்டும்தான்: எத்தனை மில்லிமீட்டர் இழுக்க வேண்டும், ஆகர் எத்தனை சுற்று சுற்ற வேண்டும், ஜா எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும்.

முதல் மெஷினை எழுதும்போது இந்த எண்கள் பெரும்பாலும் மெஷினை இயக்கும் கணினியான பிஎல்சியின் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். ஒரு வரியில் 180, இன்னொரு வரியில் 10, வேறொரு டைமரில் 350. அன்றைக்கு மெஷின் நன்றாகவே ஓடும். 500 கிராம் ஆர்டர் வரும் நாளில் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். அவர் ஏழு இடத்தில் எண்ணை மாற்றி, எட்டாவது இடத்தை மறந்துவிட்டுப் போவார். ரெசிபி என்பது இந்த எண்களையெல்லாம் புரோகிராமிலிருந்து வெளியே எடுத்து, ஒரு பொருளுக்கு ஒரு பதிவு என்று கட்டி வைப்பது. புரோகிராமுக்குத் தெரிந்ததெல்லாம் ‘பவுச் நீளம் எவ்வளவோ அவ்வளவு இழு’ என்பது மட்டும்தான். அது எவ்வளவு என்பதை ரெசிபி சொல்லும்.

பிஎல்சியில் இதற்கு ஒரு ஸ்ட்ரக்சர் போதும்.

```
TYPE ST_Recipe :
STRUCT
    Name      : STRING[20];
    BagLength : REAL;   // mm
    Speed     : REAL;   // bags/min
    AugerRevs : REAL;
    SealTemp  : REAL;   // °C
    SealTime  : REAL;   // s
    Tare      : REAL;   // g
    TubeNo    : INT;
    CoderJob  : STRING[20];
END_STRUCT
END_TYPE
```

இதில் இருபது பதிவுகள் கொண்ட ஓர் அரே, அதற்குத் தனியே `Active` என்று ஒரே ஒரு பதிவு. மெஷினின் லாஜிக் முழுவதும் `Active`-ஐ மட்டும்தான் படிக்க வேண்டும், அரேயை நேரடியாகத் தொடக் கூடாது. அலமாரியில் இருக்கும் மூலப் பிரதி வேறு, இப்போது மெஷினில் ஓடும் பிரதி வேறு. இந்தப் பிரிப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 1995-இல் வந்த ஐஎஸ்ஏ-88 தரநிலை இதே கருத்தை மருந்து, உணவுத் தொழிற்சாலைகளின் பேட்ச் முறைக்காக எழுதிவைத்தது. பேக்கிங் லைனுக்கு அதை முழுதாகக் கடைப்பிடிக்கத் தேவையில்லை. பொருளைப் பற்றிய தகவல் தனி, கருவியைப் பற்றிய தகவல் தனி என்ற அதன் முதல் விதி மட்டும் இங்கே அப்படியே செல்லும்.

எந்த எண் எங்கே இருக்க வேண்டும்

ஸ்ட்ரக்சர் எழுதுவது அரை மணி நேர வேலை. எது ரெசிபிக்குள் போக வேண்டும், எது போகக் கூடாது என்று முடிவு செய்வதில்தான் மெஷினின் அடுத்த பத்து வருட நிம்மதி இருக்கிறது. எண்கள் மூன்று வகை. மெஷினுக்குச் சொந்தமானவை, பொருளுக்குச் சொந்தமானவை, இன்றைய ஷிஃப்டுக்குச் சொந்தமானவை.

முதல் வகைக்கு ஓர் உதாரணம். ஃபிலிமின் மேல் உருளும் என்கோடர் ரோலரின் சுற்றளவு 200 மில்லிமீட்டர் என்று வைப்போம். என்கோடர் ஒரு சுற்றுக்கு 2000 பல்ஸ் கொடுக்கிறது. அப்படியானால் மில்லிமீட்டருக்கு 10 பல்ஸ். 180 மில்லிமீட்டர் பவுச்சுக்கு 1800 பல்ஸ், 250 மில்லிமீட்டருக்கு 2500. ரெசிபியில் நேரடியாக 1800 என்று எழுதிவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு. ரப்பர் தேய்ந்து ரோலரைச் சாணை பிடித்தால் சுற்றளவு 198 ஆகும், மில்லிமீட்டருக்கு 10.1 பல்ஸ் வரும். ரெசிபியில் பல்ஸ் இருந்தால் இருபது பதிவுகளையும் திருத்த வேண்டும். மில்லிமீட்டர் இருந்தால் மெஷின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். ஆகவே ரெசிபியில் எப்போதும் மில்லிமீட்டர், கிராம், டிகிரி, வினாடி. பல்ஸாக மாற்றும் கணக்கைப் புரோகிராம் பார்த்துக்கொள்ளும்.

சென்சார் பூஜ்ய நிலை, மோட்டார் கரண்ட் வரம்பு, ஜாவின் பாதுகாப்பு எல்லை ஆகியவையும் மெஷினுக்கே சொந்தம். இவை ரெசிபிக்குள் வந்துவிட்டால், யாரோ பழைய பதிவை ஏற்றியதும் போன மாதம் செய்த காலிப்ரேஷனும் கூடவே பின்னோக்கிப் போய்விடும்.

மூன்றாம் வகை, ஆபரேட்டரின் சின்னத் திருத்தம். தூளின் அடர்த்தி நாளுக்கு நாள் ஒன்றாக இருப்பதில்லை. அரைத்த உடனே வரும் தூள் காற்றோடு உப்பலாக இருக்கும், ஓர் இரவு இருந்த தூள் அமுங்கியிருக்கும். நம் ஆகர் ஒரு சுற்றுக்கு 20 கிராம் தள்ளுகிறது என்றால் 200 கிராமுக்கு 10 சுற்று. உப்பலான தூளுக்கு அதே 200 கிராம் வர 10.3 சுற்று தேவைப்படலாம். இந்த 0.3-ஐ ரெசிபியின் 10-க்குள் எழுத விடக் கூடாது. `FillTrim` என்று தனி எண் வைத்து, அதை ±5 சதவீதத்துக்குள் கட்டிவைக்க வேண்டும். இரண்டையும் கூட்டித்தான் ஆகருக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பிரிப்பு இல்லாத மெஷினில் ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்பது திரையைப் பார்த்தாலே தெரியும்: ‘200 புதுசு’, ‘200 புதுசு 2’, ‘200 நைட் ஷிஃப்ட்’ என்று நான்கு பதிவுகள் இருக்கும். எது சரி என்று யாருக்கும் தெரியாது.

திருத்தத்துக்கு வரம்பு வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஐந்து சதவீதத்தைத் தொட்டும் எடை வரவில்லை என்றால், கோளாறு தூளின் அடர்த்தியைத் தாண்டி வேறெங்கோ இருக்கிறது. முதலில் ஹாப்பரில் தூளின் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கினால் மேலிருந்து வரும் அழுத்தம் குறையும், ஆகரின் மடிப்புகள் முழுதாக நிரம்பாது. அதன் பிறகு ஆகர் தேய்மானம்.

200-லிருந்து 500-க்கு: ஒரு மாற்றத்தை முழுதாகப் பார்ப்போம்

200 கிராம் பவுச் 130 மில்லிமீட்டர் அகலம், 180 நீளம், நிமிடத்துக்கு 40 பவுச். 500 கிராம் பவுச் 180 அகலம், 250 நீளம். ஆகர் அதே ஆகர்தான், 25 சுற்று வேண்டும். இதுவரை எளிது.

இப்போது வேகத்தைக் கவனியுங்கள். ஆகர் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓடுகிறது, அதாவது வினாடிக்கு 10. 200 கிராமுக்கு ஒரு வினாடி போதும். நிமிடத்துக்கு 40 பவுச் என்றால் ஒரு பவுச்சுக்கு 1.5 வினாடி கிடைக்கிறது, மிச்ச அரை வினாடியில் தூள் விழுந்து அடங்கும். 500 கிராமுக்கு ஆகருக்கே 2.5 வினாடி வேண்டும். வேகம் 40-லேயே இருந்தால் ஆகர் சுற்றி முடிப்பதற்குள் ஜா மூடிவிடும். விழுந்துகொண்டிருக்கும் தூள் சீலில் மாட்டும், பவுச் ஓரத்தில் ஒட்டாமல் பிளந்துகொள்ளும். இதைப் பார்க்கும் ஆபரேட்டர் வழக்கமாகச் செய்வது சீல் வெப்பத்தைக் கூட்டுவது. அதனால் ஒன்றும் சரியாகாது. வேகத்தை 20-க்கு இறக்க வேண்டும், அப்போது 3 வினாடி கிடைக்கும்.

ஆக, ரெசிபியின் எண்கள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே எல்லைக்குள் இருப்பது போதாது. 25 சுற்றும் சரியான எண்தான், 40 பவுச்சும் சரியான எண்தான், சேர்ந்தால் தப்பு. அதனால் ஏற்றுவதற்கு முன் இந்த உறவையும் சோதிக்க வேண்டும்.

```
FillTime  := Rec.AugerRevs * 60.0 / AugerRPM;
CycleTime := 60.0 / Rec.Speed;
FillOK    := (FillTime + 0.4) <= CycleTime;
```

500 கிராமை 40 வேகத்தில் சேமித்தால் 2.9 வினாடியை 1.5-க்குள் அடைக்கச் சொல்கிறோம் என்று இந்த மூன்று வரியும் பிடித்துவிடும். 20 வேகத்தில் 2.9-க்கு 3.0, தாராளமாக இல்லை, ஆனால் நடக்கும். சோதனையில் தோற்றால் ‘தவறு’ என்று மொட்டையாகக் காட்டாமல், ‘இந்த வேகத்தில் ஆகருக்கு நேரம் போதாது’ என்று திரையில் எழுதிவிடுங்கள். இரவு ஷிஃப்டில் அந்த ஒரு வரி ஒரு போன் அழைப்பை மிச்சப்படுத்தும்.

வேகம் குறைந்தால் சீலும் மாறும். 40 வேகத்தில் ஜா மூடியிருக்கக் கிடைத்தது 0.35 வினாடி என்றால், 20 வேகத்தில் 0.6 வினாடி கொடுக்க முடியும். நேரம் கூடினால் வெப்பம் குறைவாகப் போதும், 165 டிகிரிக்குப் பதில் 155. இதில் புதியவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. ரெசிபி நொடியில் ஏறிவிடும், ஜா நொடியில் ஆறாது. சூடேற ஹீட்டர் இருக்கிறது, ஆற எதுவும் இல்லை, கனமான ஜா தானாகத்தான் ஆற வேண்டும். அதற்கு நிமிடக் கணக்கில் ஆகும். அதனால் ரெசிபி ஏறியதும் மெஷின் ஓடத் தயார் என்று காட்டக் கூடாது. ஜாவின் உண்மையான வெப்பம் இலக்கிலிருந்து ±4 டிகிரிக்குள் வந்து சற்று நேரம் நின்ற பிறகே ஸ்டார்ட் பட்டன் உயிர்பெற வேண்டும்.

மென்பொருளால் மாற்ற முடியாதவை

பவுச்சின் நீளத்தை சர்வோ மாற்றும். அகலத்தை மாற்றுவது ஃபார்மிங் டியூப், அது இரும்பு. 180 அகலத்துக்கு வேறு டியூப், வேறு காலர், வேறு அகலத்தில் ஃபிலிம். அகலத்தின் இரு மடங்கும், முதுகு சீலுக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டரும் சேர்த்து, 130-க்கு 280 மில்லிமீட்டர் ஃபிலிம், 180-க்கு 380. ரெசிபி இதைச் செய்யாது, ஆனால் செய்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். டியூபின் ஃபிளேஞ்சில் மூன்று ஊசி இடங்களும், மெஷினில் மூன்று பிராக்ஸிமிட்டி சென்சாரும் வைத்தால், ஊசி உள்ள இடம் 1, இல்லாத இடம் 0 என்று ஏழு டியூப்களுக்கு எண் கொடுத்துவிடலாம். எட்டாவது சேர்க்கையான 000 ‘டியூபே இல்லை’ என்பதற்கு. ரெசிபியின் `TubeNo` 3 என்று சொல்ல, சென்சார் 2 என்று படித்தால் மெஷின் ஓடாது. செலவு மூன்று சென்சார்தான்.

கையால் திருகி நகர்த்தும் கைடுகளுக்கு இன்னும் எளிய வழி: எண் காட்டும் கைச்சக்கரம். ரெசிபி ஏறியதும் ‘இடது கைடு 0124, வலது கைடு 0131’ என்று திரை சொல்லும். ஆபரேட்டர் அந்த எண் வரும்வரை திருகிவிட்டு, திரையில் ஒவ்வொன்றாக ‘முடிந்தது’ என்று தொடுவார். அளவுகோலும் அனுபவக் கண்ணும் வைத்துத் தேடும் நேரம் மிச்சமாகும்.

சத்தமில்லாமல் நடக்கும் தவறு

பெரிய தவறுகள் தாமாகவே கத்திச் சொல்லிவிடும். 500 கிராம் பவுச்சுக்கு 200 கிராம் எடை எல்லை இருந்தால், லைனின் கடைசியில் ஒவ்வொரு பவுச்சையும் எடை பார்க்கும் செக்வெயர் எல்லாவற்றையும் தள்ளிவிடும், ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பயப்பட வேண்டியது காலி பவுச்சின் எடையான `Tare` போன்ற சின்ன எண்ணுக்குத்தான்.

நம் ஃபிலிம் சதுர மீட்டருக்கு 80 கிராம். 200 கிராம் பவுச்சுக்கு 280 × 180 மில்லிமீட்டர் ஃபிலிம் போகிறது, அதன் எடை 4 கிராம். 500 கிராம் பவுச்சுக்கு 380 × 250, எடை 7.6 கிராம். செக்வெயர் பார்ப்பது பவுச்சும் தூளும் சேர்ந்த எடை. `Tare` ரெசிபியில் இல்லாமல் பழைய 4 கிராமிலேயே நின்றுவிட்டால், 504 கிராம் வந்ததும் எல்லாம் சரி என்று அது நினைக்கும். உண்மையில் உள்ளே இருப்பது 496.4 கிராம் தூள். ஒவ்வொரு பவுச்சிலும் 3.6 கிராம் குறைவு, திரை முழுக்கப் பச்சை. இந்தியாவின் 2011 பொட்டலப் பொருள் விதிகளில் 500 கிராமுக்குத் தனிப் பவுச்சில் அனுமதிக்கும் பிழை 15 கிராம். அதனால் எந்தப் பவுச்சும் தனியாக மாட்டாது. ஆனால் மாதிரிகளின் சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அதில் மொத்த லாட்டும் மாட்டும்.

தேதி அச்சிடும் கோடரும் இதே ரகம். ரெசிபி மாறியும் கோடரில் பழைய ஜாப் நின்றால், 500 கிராம் பவுச்சில் 200 கிராமின் விலை அச்சாகும். `CoderJob` பெயரை அனுப்புவதோடு நிறுத்தக் கூடாது. இப்போது எந்த ஜாப் ஓடுகிறது என்று கோடரிடமே கேட்டு வாங்கி, இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால்தான் மெஷின் தயார் என்று காட்ட வேண்டும்.

ஏற்றும் அந்த ஒரு நொடி

```
IF LoadReq AND MachineStopped AND RecipeOK THEN
    Active   := Recipes[SelectedNo];
    FillTrim := 0.0;
END_IF
LoadReq := FALSE;
```

முழு ஸ்ட்ரக்சரையும் ஒரே வரியில் நகலெடுப்பதற்குக் காரணம் உண்டு. பிஎல்சி தன் புரோகிராமை ஒரு தடவை முழுதாக ஓட்டி முடிப்பது ஒரு ஸ்கேன். நீளம் ஒரு ஸ்கேனிலும் சுற்று இன்னொரு ஸ்கேனிலும் மாறினால், இடையில் ஒரு பவுச் இரண்டுங்கெட்டானாக வரும். ரெசிபியை ஹெச்எம்ஐ திரையிலேயே சேமித்து, ஏற்றும்போது ஒவ்வொரு எண்ணையும் தனித்தனி டேகாக பிஎல்சிக்கு அனுப்பும் முறையில் இந்த ஆபத்து அதிகம். பாதி போன நிலையில் கேபிள் ஆடினாலோ மின்சாரம் போனாலோ, பிஎல்சியில் பாதி 200-ம் பாதி 500-மாக நிற்கும். அந்த முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், டேகுகளை முதலில் ஒரு தற்காலிகப் பதிவுக்கு அனுப்பி, கடைசியாக ரெசிபி எண்ணை அனுப்புங்கள். அந்த எண் வந்து, சோதனையிலும் தேறிய பிறகே `Active`-க்கு நகலாக வேண்டும். `LoadReq` ஐஎஃப்-க்கு வெளியே அணைவதையும் கவனியுங்கள். மெஷின் ஓடும்போது யாரோ ‘ஏற்று’ பட்டனைத் தொட்டுவிட்டால், அந்தக் கோரிக்கை காத்திருந்து மெஷின் நின்றதும் தானாக நிறைவேறிவிடக் கூடாது.

பதிவுகள் இருக்கும் இடம் மின்சாரம் போனாலும் அழியாததாக இருக்க வேண்டும். அதை ரிட்டெயின் என்று குறிக்க மறந்தால், பவர் போய் வந்ததும் பவுச் நீளம் பூஜ்யம். சீமென்ஸ் டிஐஏ போர்ட்டலில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. ஸ்ட்ரக்சரில் புதிதாக ஓர் எண்ணைச் சேர்த்து டவுன்லோட் செய்தால், அந்த டேட்டா பிளாக் மறுபடி ஆரம்ப மதிப்புக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் ரிட்டெயின் குறியும் காப்பாற்றாது. ஆறு மாதம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த எண்களெல்லாம் போய்விடும். டவுன்லோடுக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை ஆரம்ப மதிப்பாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். எஸ்7-1200, 1500 வகைகளில் `RecipeExport` கட்டளை பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக எழுதித் தரும், `RecipeImport` அதைத் திரும்ப வாங்கும். மாதம் ஒரு முறை அந்தக் கோப்பை எடுத்து வைத்தால், எந்த எண் எப்போது மாறியது என்றும் தெரிந்துவிடும்.

புது அளவைச் சேர்க்கும்போது

100 கிராம் வேண்டும் என்றால் வெற்றுப் பதிவில் தொடங்காதீர்கள். 200 கிராம் பதிவை நகலெடுத்து, பெயரையும் டியூப் எண்ணையும் கோடர் ஜாபையும் முதலில் மாற்றுங்கள். மறந்துபோவது இவைதான், நீளத்தையும் எடையையும் யாரும் மறப்பதில்லை. சுற்று 5 ஆகும். சுற்று குறையக் குறைய ஆகர் நிற்கும் இடத்தில் வரும் சின்னப் பிழை எடையில் பெரிதாகத் தெரியும். கால் சுற்றுப் பிழை 500 கிராமில் ஒரு சதவீதம், 100 கிராமில் ஐந்து. எடை ஆடினால் சின்ன ஆகருக்கு மாற வேண்டும், அப்போது ஆகர் எண்ணும் ரெசிபியில் ஒரு புலமாகச் சேரும். இருபது பவுச் ஓட்டி ஒவ்வொன்றாக எடை போட்டு, சீலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசர் பாஸ்வேர்டில் சேமியுங்கள். ஆபரேட்டருக்கு ஏற்றும் உரிமையும் டிரிம் உரிமையும் போதும்.

ஒரு கிலோ வந்தால் கதை வேறு. 50 சுற்று, ஐந்து வினாடி, நிமிடத்துக்கு 11 பவுச் என்று இதே லாஜிக்கில் ஓட்டலாம். ஆனால் தூளை இரண்டு தடவையாகக் கொட்டி, நடுவே பவுச்சைத் தட்டி அமுக்க வேண்டும் என்றால், அந்த வரிசை புரோகிராமில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருந்தால் ரெசிபியில் ‘எத்தனை தடவை’ என்ற எண் 1-லிருந்து 2 ஆகும், அவ்வளவுதான். இல்லாவிட்டால், லேப்டாப்போடு ஆள் வரத்தான் வேண்டும்.